பெயரை எழுதும்போதே ஒலியையும் எழுதிவிடுங்கள்: ஆவணப்பட ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் ஆவணப்படங்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கும், மொழிபெயர்ப்பவர்களுக்கும், அதைச் சரிபார்த்து ஸ்டுடியோவுக்கு அனுப்புபவர்களுக்கும்,

வணக்கம். பின்னணிக் குரல் கொடுப்பது என் தொழில். உங்கள் எழுத்தைக் கடைசியாகக் கையில் வாங்குகிறவள் நான். அதன் பிறகு அது ஒலியாகிவிடுகிறது, திருத்துவது எளிதல்ல. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தை உங்களிடம் விரிவாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். வெளிநாட்டுப் பெயரும் சுருக்கப் பெயரும் ஸ்கிரிப்டில் வரும் இடத்திலேயே, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

கூகுளில் பார்த்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்கிறார்கள். பூத்துக்குள் நான் மைக் முன்னால் நிற்கிறேன். வெளியே சவுண்ட் இன்ஜினியர் ஒரு உச்சரிப்பைத் தேடிச் சொல்கிறார், தயாரிப்புத் தரப்பிலிருந்து வந்தவர் வேறொன்றைச் சொல்கிறார், வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது. கடைசியில் யார் குரல் பெரிதோ அவர் சொன்னது பதிவாகிறது. அடுத்த எபிசோடில் வேறு இன்ஜினியர், வேறு உச்சரிப்பு. ஒரே தொடரில் ஒரே ஊருக்கு இரண்டு பெயர் வந்துவிடுகிறது.

2014 செப்டம்பரில் சீன அதிபர் இந்தியா வந்தபோது, தூர்தர்ஷனில் ஒரு செய்தி வாசிப்பாளர் அவருடைய பெயரில் இருந்த Xi என்பதை ரோமன் எண்ணாக எடுத்து ‘இலெவன்’ என்று வாசித்துவிட்டார். நாடே பேசியது. வாசித்தவர் வேலையிலிருந்து விலக்கப்பட்டார். எனக்கு அன்றிலிருந்து ஒரே கேள்விதான்: வாசிக்கும் வரியில் ‘ஷீ’ என்று எழுதியிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்குமா? நேரலையில் கண் பார்ப்பதைத்தான் வாய் சொல்லும். பிபிசி 1926-லேயே வானொலி உச்சரிப்புக்கென்று ஒரு ஆலோசனைக் குழுவை அமைத்ததும் இந்தப் பொறுப்பை வாசிப்பவர் தலையில் மட்டும் கட்டக் கூடாது என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன்.

சரி, எப்படி எழுதுவது? தமிழில் அப்படியே ஒலிபெயர்த்துவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. நம் எழுத்தில் ககரத்துக்கு ஒரே வடிவம், ஒலி வேறு வேறு. சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்தாலும் வல்லொலி. ஙகரத்தை அடுத்து வந்தாலும், இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வந்தாலும் மெல்லென்று ஒலிக்கிறது. ட, த, ப மூன்றுக்கும் இதே கதை. தமிழ்ச் சொற்களில் இது தன்னால் சரியாக வரும், ஏனென்றால் சொல் நமக்குத் தெரியும். தெரியாத பெயரில் அதே பழக்கம் நம்மைக் கவிழ்த்துவிடும்.

உதாரணமாக, ஈர்ப்பு அலைகளை 2015-இல் முதன்முதலாகப் பதிவு செய்த ஆய்வகத்தின் பெயர் LIGO. ‘லைகோ’ என்று சேர்த்து எழுதினால் நடுவில் நிற்கும் ககரம் தானாகவே மெல்லொலியாகிச் சரியாக வரும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் சுருக்கம் ICAO. இதை ‘ஐகேஓ’ என்று அதே மாதிரி சேர்த்து எழுதினால் அங்கேயும் ககரம் மெலிந்துவிடும், அது தவறு. ‘ஐ-கே-ஓ’ என்று கோடு போட்டுப் பிரித்தால் ‘கே’ ஒரு சொல்லின் தொடக்கம் போல நின்று வல்லொலியாக வரும். கோடு வெறும் அசை பிரிப்பு என்று நினைத்துப் போடாதீர்கள். தமிழில் அந்தக் கோடு ஒலியையே மாற்றுகிறது. ‘லை-கோ’ என்று எழுதிக் கொடுத்தால் நான் தப்பாகத்தான் வாசிப்பேன். Kiribati என்ற பசிபிக் தீவு நாட்டின் பெயரில் இன்னொரு சிக்கல். அந்த மொழியில் ti என்பது ஸகரமாக ஒலிக்கும். ஆகவே அது கிரிபாஸ். இதையும் சேர்த்தே எழுத வேண்டும். பிரித்தால் பகரம் கெட்டிப்பட்டுவிடும்.

முதலெழுத்தே மெல்லொலியாக இருந்தால் கோடும் உதவாது. அதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. ஸ்தோத்திரப் புத்தகங்களில் வடமொழி ஒலிகளுக்காக எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று சிறிய எண் போடுவார்கள். அதில் 3 மட்டும் நமக்குப் போதும். காபோன் நாட்டை ‘கா³போன்’ என்றும், பாலித் தீவை ‘பா³லி’ என்றும் எழுதினால், அந்தப் புத்தகங்களைப் பார்த்து வளர்ந்தவர் உடனே பிடித்துக்கொள்வார். அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்காக முதல் பக்கத்தில் ‘காந்தியில் வரும் கா’ என்று ஒரு குறிப்புப் போட்டுவிடுங்கள். எல்லா எழுத்திலும் எண் போடாதீர்கள். தமிழ்ப் பழக்கத்தில் தவறாகப் போகக்கூடிய இடத்தில் மட்டும் போடுங்கள்.

ஒரு வரியை முழுதாக எடுத்துப் பார்ப்போம். ஐஸ்லாந்து எரிமலை பற்றிய படத்துக்கு, எனக்கு வழக்கமாக வரும் பாணியில் ஸ்கிரிப்ட் இப்படி இருக்கும்:

“2010 ஏப்ரல் 14 அன்று Eyjafjallajökull-இல் எழுந்த சாம்பல் ஐரோப்பாவை நோக்கிப் பறந்தது. முதல் நாள்களில் Keflavík விமான நிலையம் திறந்தே இருந்தது. ஆனால் London VAAC-இன் எச்சரிக்கைகளால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டது.”

முதல் பெயர் ஆறு அசை. அதை ‘எய்ய-ஃப்யாட்ல-யோ-குட்ல்’ என்று எழுதலாம். மூன்று சொற்கள் ஒட்டிய பெயர் அது. சொற்கள் சேரும் இடத்திலேயே கோடு விழுந்தால் மூச்சும் அங்கேயே பிரியும். கடைசிச் சொல்லுக்குள் மட்டும் ‘யோ’வுக்கு அப்புறம் இன்னொரு கோடு, ககரம் மெலியாமல் இருக்க. ஐஸ்லாந்து மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும் என்பதால் ‘எய்’ மட்டும் தடித்த எழுத்தில் இருந்தால் போதும். அவர்களுடைய ö நம்மிடம் இல்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு ஏகாரம் சொல்வது போன்ற ஒலி அது. ‘யோ’ என்பது கிட்டத்தட்டத்தான், ஆனால் தமிழ் கேட்கிறவருக்கு அது போதும். இதற்கு மேல் நுணுக்கம் வேண்டுமென்றால் எழுத்து உதவாது, ஒலிப்பதிவு வேண்டும்.

இப்போது வேற்றுமை உருபு. “Eyjafjallajökull-இல்” என்று எழுதியவர் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை. பெயர் மெய்யில் முடிவதால் ‘குட்லில்’ என்று ஆகும், நாக்கு தடுக்கும். “எய்ய-ஃப்யாட்ல-யோ-குட்ல் எரிமலையில்” என்று உருபை ஒரு தமிழ்ச் சொல்லின் மேல் தொங்கவிட்டால் வாசிப்பும் எளிது, கேட்பவருக்கும் அது மலை என்று புரியும். இடம் இல்லாமல் பெயரோடுதான் ஒட்ட வேண்டும் என்றால் ஒட்டிய வடிவத்தையே எழுதுங்கள். “WHO-இன்” என்று வரும் தாளை நான் ‘டபிள்யூ-எச்-ஓ-வின்’ என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டே ஓட வேண்டியிருக்கிறது. அந்த அரை நொடித் தயக்கம் பதிவில் கேட்கும்.

இரண்டாவது பெயர் பார்க்க எளிதாக இருக்கும், அதுதான் ஆபத்து. ‘கெஃப்லவிக்’ என்று எல்லோரும் வாசிப்பார்கள். அந்த மொழியில் லகரத்துக்கு முன்னால் வரும் f பகரமாகிவிடும், ஆகவே ‘கெப்லவீக்’. கடினமாகத் தெரியும் பெயரை யாராவது சரிபார்ப்பார்கள். எளிதாகத் தெரியும் பெயர்தான் தப்பாகவே ஒளிபரப்பாகும்.

மூன்றாவது, VAAC. எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையம். விமானத் துறையில் அதை ‘வாக்’ என்று ஒரே சொல்லாகச் சொல்கிறார்கள். அதோடு உருபு சேர்ந்தால் ‘வாக்கின் எச்சரிக்கை’. யாருடைய வாக்கு என்று கேட்பவர் திகைப்பார். திரையில் எழுத்தாகப் பார்க்கும்போது தெரியாத இந்த இடறல், காதில் விழும்போதுதான் தெரியும். இங்கே சுருக்கத்தை விட்டுவிட்டு “லண்டன் எரிமலைச் சாம்பல் மையத்தின்” என்று எழுதுவதே சரி. ஆனால் சில அசை கூடும், டைம்கோடுக்குள் அடங்குமா என்று நீங்கள்தான் வாய்விட்டு வாசித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஸ்டுடியோவில் என்னால் வரியை வெட்ட முடியாது.

சுருக்கப் பெயர்களில் எதை எழுத்தெழுத்தாகச் சொல்வது, எதைச் சொல்லாகச் சொல்வது என்பதைப் பார்த்து ஊகிக்க வழியே இல்லை. WHO ஒரு சொல்லாகவே கண்ணில் படும், ஆனால் எழுத்தெழுத்தாகத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான NOAA எழுத்தெழுத்தாகத் தோன்றும், சொல்வது ‘நோவா’. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் CITES ஒப்பந்தம் ‘சைட்டீஸ்’, அதே படத்தில் வரும் IUCN ‘ஐ-யூ-சி-என்’. எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைக்காதீர்கள். புள்ளியைக் கண்டால் வாசிப்பவர் நிறுத்துவார்.

அப்புறம், இதை எங்கே எழுதுவது? பெயரை எழுதிவிட்டு அடைப்புக்குள் உச்சரிப்பைக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அது உதவுவதில்லை. கண் முதலில் ஆங்கில எழுத்தில் முட்டி, பிறகு அடைப்புக்குத் தாவி, மீண்டும் வரிக்குத் திரும்ப வேண்டும். வாசிக்கும் வரியில் தமிழ் உச்சரிப்பு மட்டும் இருக்கட்டும். அசல் எழுத்துக்கூட்டல் பக்கத்துக் கட்டத்தில் இருக்கட்டும், திரையில் பெயர் போடுகிற எடிட்டருக்கு அது வேண்டும். கடைசிப் பக்கத்தில் மொத்தப் பட்டியல் இருந்தாலும், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். திருத்தப் பதிவுக்கு நான் வரும்போது என் கையில் இருப்பது நடுவிலிருந்து எடுத்த ஒற்றைத் தாள். ஒவ்வொரு முறையும் எழுதுங்கள்.

எல்லாப் பெயரையும் அந்த நாட்டுக்காரர் போலச் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாரிஸ் பாரிஸாகவே இருக்கட்டும், ‘பாரீ’ என்றால் சென்னையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வேறு இடம்தான் நினைவுக்கு வரும். தமிழில் ஊறிய பெயரைத் தொடாதீர்கள். புதிய பெயருக்கு, அந்த ஊர்க்காரர் வாயிலிருந்து கேட்டதை வைத்து எழுதுங்கள். மனிதர் பெயரென்றால் அவரே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பேட்டி ஒன்றைத் தேடுங்கள். ஊர்ப் பெயரென்றால் ஃபோர்வோ மாதிரி அந்தந்த மொழிக்காரர்களே சொல்லிப் பதிவேற்றும் தளங்கள் இருக்கின்றன. ஆங்கிலச் செய்தியில் கேட்டது ஆங்கிலேயர் உச்சரிப்பு, அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கே கேட்டீர்கள் என்பதையும் பட்டியலில் குறித்துவிடுங்கள். அடுத்த எபிசோடுக்கு வேறொருவர் எழுதினாலும் அதே ஒலி தொடரும்.

பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்கிரிப்டோடு இந்தப் பட்டியலும், எழுத்தில் அடங்காத பெயர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிக்கோப்பும் வந்தால் எனக்குப் போதும். அனுப்புவதற்கு முன் யாராவது ஒருவரிடம், ஸ்கிரிப்டை எழுதாத ஒருவரிடம், உச்சரிப்பு வரிகளை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வரிகளுக்குக் குரல் கொடுப்பவள்