இரண்டாம் காலத்தில் இருந்து தொடங்கச் சொல்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சரசு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே. அங்கே உன் மாமியார் எப்படி இருக்கிறார்?

ரேவதி பி.ஏ. மியூசிக்குக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம், மாலதி சொன்னாள். நீ தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாய் என்றும் சொன்னாள். கையை எடுடி. பாலக்காட்டுச் செம்பை இசைக் கல்லூரி பக்கத்தில்தானே இருக்கிறது, வீட்டில் இருந்தே போய் வரலாம். ஆனால் பிளஸ் டூ மார்க்கை மட்டும் நம்பி மனு போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதே. இந்தப் படிப்பில் பாடிக் காட்டச் சொல்வார்கள், சாஸ்திரமும் கேட்பார்கள். என்னிடம் படிக்கும் வித்யா போன வாரம் அப்படி ஒரு தேர்வுக்குப் போய் வந்தாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆதி தாளத்தில் மோகன வர்ணம் பாடினாள். முதல் காலம் அருமை. "இரண்டாம் காலம்" என்றதும் தடுமாறிவிட்டாள். அவளுக்கு வர்ணம் தெரியாமல் இல்லை. முதல் காலத்தையே கொஞ்சம் விறுவிறுப்பாக எடுத்துவிட்டாள். இரண்டாம் காலத்தில் தாளம் போடும் வேகம் மாறாது. முதல் காலத்தில் இரண்டு ஆவர்த்தனம் ஓடியது ஒரே ஆவர்த்தனத்துக்குள் அடங்க வேண்டும். அவள் பிடித்த வேகத்தில் அது வாய்க்கு அடங்கவில்லை. சரண ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வாயைக் காப்பாற்றப் போய், விரல் எண்ணிக்கை லகுவிலேயே விட்டுப்போயிற்று. தேர்வாளர்கள் கையைத்தான் பார்ப்பார்கள் சரசு, குரல் அப்புறம்தான்.

அதனால் ரேவதியைத் தலைகீழாகப் பழகச் சொல். முதலில் சரண ஸ்வரத்தை இரண்டாம் காலத்தில் பாடட்டும். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழும் வேகம் எது என்று பார்க்கட்டும். தாளத்தை அதே நடையில் வைத்துக்கொண்டு முதல் காலத்தில் பல்லவியைத் தொடங்கட்டும். முதலில் ரொம்ப மெதுவாக இருப்பதுபோல் தோன்றும். அந்த நிதானம்தான் வேண்டும். ஓடுகிறாளா என்று சந்தேகம் வந்தால், போனில் பதிவு செய்து தாளத் தட்டை மட்டும் கேள். கடைசிச் சரணத்தில் தட்டுகள் பல்லவியைவிட நெருங்கி விழுந்தால் ஓடுகிறாள் என்று அர்த்தம்.

சுருதியையும் பார்த்துக்கொள். அவள் எந்தக் கட்டையில் பாடுகிறாள்? அவளுடைய டீச்சரின் கட்டையிலேயே பாடிப் பழகியிருக்கிறாளோ என்று எனக்குக் கவலை. மேல் பஞ்சமம் கத்தலாகப் போனால் அரைக் கட்டை இறக்கு. கீழ்ப் பஞ்சமம் காற்றாகக் கரைந்தால் அரைக் கட்டை ஏற்று. "என்ன சுருதி?" என்று கேட்டால் தயங்காமல் சொல்ல வேண்டும்.

இனி என்னைத் தூங்கவிடாத விஷயம். வித்யாவிடம் மோகனம் எந்த மேளத்தின் ஜன்யம், அதாவது எந்தத் தாய் ராகத்தில் பிறந்தது என்று கேட்டார்கள். ஹரிகாம்போஜி, 28 என்று பட்டென்று சொன்னாள். பெயரின் முதல் இரண்டு எழுத்தில் இருந்து மேளத்தின் எண்ணைக் கண்டுபிடிக்கும் கடபயாதி முறையில் ஹ 8, ர 2. திருப்பிப் போட்டால் 28. அடுத்து கரகரப்பிரியா என்ன எண் என்றார்கள். க 1, ர 2, ஆகவே 21 என்றாள். 21 கீரவாணி! கரகரப்பிரியாவின் முதல் எழுத்து வர்க்கத்தின் இரண்டாவது க, அதனால் 2. ர 2. ஆக 22. நம் எழுத்தில் நான்கு க-வும் ஒன்றுபோல இருப்பதால் தமிழ் நோட்டை வைத்துப் படிக்கும் பிள்ளைகள் இதில்தான் மாட்டுகிறார்கள். தீரசங்கராபரணமும் அப்படித்தான். அங்கே 'தீ' நான்காவது த, அதாவது 9. அதனால்தான் 29.

எண் தவறினால் ஸ்வரமும் தவறும். 22 நான்காம் சக்கரத்தில் நான்காவது மேளம். நான்காம் சக்கரம் என்றால் சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம். 36-க்குள் இருப்பதால் சுத்த மத்யமம். சக்கரத்தில் நான்காவது என்பதால் சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். அதே சக்கரத்தில் மூன்றாவதான 21 என்றால் சுத்த தைவதம், காகலி நிஷாதம். ராகமே வேறு.

ரேவதி மலையாளம் எழுதுவாள் அல்லவா? 72 மேளங்களின் பெயர்களையும் மலையாள எழுத்திலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல். நாலு க-வும் நாலு த-வும் அங்கே தனித்தனியாகத் தெரியும். பெயரை மூடிவிட்டு எண்ணில் இருந்து ஸ்வரம் சொல்லிப் பழகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வா. வர்ணமும் ஒரு சின்ன கீர்த்தனையும் தயாராக இருக்கட்டும். நான் பாடும் சங்கதியை அப்படியே திருப்பிப் பாடுகிறாளா என்றும் பார்க்க வேண்டும், அதுவும் கேட்பார்கள். மாலதியையும் இழுத்து வா. ஆனால் அவளைப் பாடச் சொல்லாதே.

அன்புடன்,
கலா