ஆலை வந்தும் விளிம்பிலேயே: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் பொருளாதாரப் பாடநூல் எழுதும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். ஏழை நாடுகள் பின்தங்கியிருப்பதற்குப் பணக்கார நாடுகளைச் சார்ந்திருப்பதே காரணம் என்னும் சார்புநிலைக் கோட்பாட்டைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நம் நூல்களில் அந்தப் பகுதி பெரும்பாலும் ஒன்றரைப் பக்கம்தான். ஏழை நாடு மூலப்பொருள் விற்கிறது, பணக்கார நாடு ஆலையில் செய்த பொருளை விற்கிறது, மூலப்பொருளின் விலை காலப்போக்கில் ஒப்பளவில் சரிகிறது என்று பொருளியலாளர்கள் பிரெபிஷும் சிங்கரும் 1950 வாக்கில் சொன்னதோடு கதை முடிந்துவிடுகிறது. மாணவர் உடனே ஒரு முடிவுக்கு வருகிறார்: ஆலை கட்டினால் போதும்.

இந்த இடத்தில் கானாவின் கோகோவை வைத்துப் பாருங்கள். அங்கே ஐரோப்பியத் தோட்ட முதலாளி யாரும் பெரிதாக இல்லை. சில ஏக்கர் வைத்திருக்கும் விவசாயிகள்தான் பயிரிடுகிறார்கள், அரசின் கோகோ வாரியம் வாங்கி விற்கிறது. ஆலைகளும் இருக்கின்றன. டீமா துறைமுகத்தை ஒட்டி விதையை அரைத்துக் கூழும் வெண்ணெயும் தூளும் எடுக்கிறார்கள். ஐரோப்பாவுடன் செய்துகொண்ட இடைக்கால ஒப்பந்தத்தால் அவை அங்கே சுங்க வரி இல்லாமலே நுழைகின்றன. ஆக, வரிச்சுவரைக் காரணம் காட்டவும் வழியில்லை.

பிறகு ஏன் நிலைமை பெரிதாக மாறவில்லை? அரைப்பது லாபம் குறைந்த வேலை. யார் வேண்டுமானாலும் எந்திரம் வாங்கி அரைக்கலாம், போட்டி அதிகம். அதற்கான மின்சாரமும் கடனும் கானாவில் விலை கூடியவை. உள்ளூர் ஆலைகள் ஓடுவதற்காக வாரியம் இடைப்பருவத்துச் சிறு விதைகளைத் தள்ளுபடி விலையில் கொடுக்கிறது. பெரிய ஆலைகளில் பலவும் வெளிநாட்டு நிறுவனங்களுடையவை. லாபம் தடித்து நிற்பது பெயர்பெற்ற சாக்லேட்டிலும் கடை அலமாரியிலும்தான். சமூகவியலாளர் வாலர்ஸ்டைன் 'மையம்', 'விளிம்பு' என்று சொன்னது இதைத்தான். நாட்டுக்குப் பெயர் சூட்டுவது அவர் முதல் வேலை அல்ல. ஒரு சரக்குச் சங்கிலியில் போட்டி குறைந்த கண்ணி மையத்தன்மை உடையது, போட்டி மிகுந்த கண்ணி விளிம்புத்தன்மை உடையது. ஆலை ஏழை நாட்டுக்கு நகர்கிறது என்றால், பல வேளைகளில் அந்த ஆலைவேலையே விளிம்பாகிவிட்டது என்று பொருள். நம் நூல்கள் வரைபடத்துக்கு வண்ணம் பூசி நிறுத்திக்கொள்கின்றன.

அப்புறம், கடன். 1990களின் தொடக்கத்திலிருந்து வாரியம் ஒவ்வொரு பருவத்துக்கும் வெளிநாட்டு வங்கிக் கூட்டமைப்பிடம் டாலரில் கடன் வாங்கியது. பல ஆண்டுகளில் அது நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஈடு என்ன தெரியுமா? இன்னும் விளையாத கோகோவை விற்ற ஒப்பந்தங்கள். அறுவடைக்கு முன்பே விளைச்சலின் பெரும்பகுதி விலை பேசப்பட்டுவிடும். விலை சரியும் ஆண்டில் அது காப்பு, ஏறும் ஆண்டில் அதுவே கட்டு.

2023 செப்டம்பரில் கானா தன் விவசாயிக்கு அறிவித்த விலை டன்னுக்குச் சுமார் 1,800 டாலர். மேற்கு ஆப்பிரிக்காவில் நோயும் வானிலையும் விளைச்சலைக் குறைக்க, 2024 ஏப்ரலுக்குள் உலகச் சந்தை விலை 10,000 டாலரைத் தாண்டியது. விவசாயிக்கான விலை உயர்ந்தது சுமார் 2,500 டாலர் வரைதான், ஏனென்றால் வாரியம் பழைய விலைக்கே சரக்குத் தரக் கடமைப்பட்டிருந்தது. அதையும் தர முடியாமல் சில லட்சம் டன்னை அடுத்த பருவத்துக்குத் தள்ளியது. எல்லைக்கு அப்பால் கூடுதல் விலை கிடைக்கும் என்று விதைகள் இரவோடு இரவாக டோகோவுக்குப் போயின. உற்பத்திக் குறைவால் விலை ஏறிய காலத்தில், உற்பத்தி செய்தவரே கடைசியில் நின்றார். பிரெபிஷின் விலைச்சரிவு வாதத்தை மட்டும் படித்த மாணவரால் இதை விளக்கவே முடியாது. இங்கே விலை சரியவில்லை.

எல்லாப் பழியையும் வெளியே போடவும் முடியாது. வாரியத்தின் சொந்தக் கடன்சுமை, தோப்புகளைத் தின்னும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கம், மரத்தைக் கொல்லும் வைரஸ் நோய் எல்லாம் உண்டு. தென்கொரியா விளிம்பிலிருந்து நகர்ந்ததையும் இந்தக் கோட்பாடு எளிதில் விளக்கிவிடவில்லை. இந்த எதிர்வாதங்களையும் நூலில் போடுங்கள், மாணவர் தாங்குவார்.

2024–25 பருவத்துக்குக் கானா அந்த வங்கிக் கூட்டமைப்புக் கடனை வாங்கவில்லை. வாங்கும் நிறுவனங்களின் பணத்தைக் கொண்டே கொள்முதல் செய்யப் பார்த்தது. கட்டு அவிழ்ந்ததா, கயிறு மட்டும் மாறியதா? அடுத்த பதிப்பில் பாட இறுதி வினாவாக இதை வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு பொருளாதார ஆசிரியர்