பூண்டு பாட்டில் குறிப்பு பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பூண்டை உரித்துப் பாட்டிலில் போட்டு, மூழ்கும்வரை நல்லெண்ணெய் ஊற்றி இறுக மூடினால், 'காற்று இல்லாததால் எந்தக் கிருமியும் வளராது, ஆறு மாதம் வெளியிலேயே வைக்கலாம்' என்று ஞாயிறு இணைப்பில் போட்டிருந்தீர்கள்.

கொடைக்கானலில் மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காற்று ஆகாத கிருமியை நாங்கள் எப்படி வளர்ப்போம் தெரியுமா? வேகவைத்த கொத்துக்கறியும் சாறும் உள்ள குழாயைக் கொதிநீரில் வைத்து, கரைந்திருக்கும் ஆக்சிஜனை விரட்டுவோம். குலுக்காமல் ஆறவிட்டு, மாதிரியைப் பிப்பெட்டால் அடியில் கறித்துண்டுகளுக்கு நடுவே விடுவோம். மேலே கிருமி நீக்கிய திரவ பாரஃபினை ஊற்றி மூடுவோம். உங்கள் குறிப்பில் கறிக்குப் பதில் பூண்டு, பாரஃபினுக்குப் பதில் நல்லெண்ணெய். எங்கள் செய்முறையை இல்லத்தரசிகளிடம் கொண்டு சேர்த்ததற்கு நன்றி!

எந்தக் கிருமிக்குக் காற்று வேண்டும், எதற்கு ஆகாது என்று காட்டும் தயோகிளைகோலேட் வளர்ப்புக் குழாயையும் பாருங்கள். அதிலுள்ள சாயத்தால் ஆக்சிஜன் இருக்கும் மேல்பகுதி மட்டும் இளஞ்சிவப்பாக நிற்கும். காற்று தேவைப்படும் சூடோமோனாஸ் அங்கேயே படரும். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரும் ஈ.கோலையால் குழாய் முழுதும் கலங்கி, மேலே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். காற்று ஆகாத கிளாஸ்ட்ரிடியம் அடியில்தான். குழாயைக் குலுக்கினால் ஆக்சிஜன் கலந்து சிவப்பு கீழே இறங்கிவிடும், கிளாஸ்ட்ரிடியம் வளராது. அதைப் பார்க்காமல் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிய புது ஆட்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

பூண்டு மண்ணில் விளைவது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினத்தின் வித்துகளும் மண்ணில்தான் கிடக்கின்றன. அவை காற்றிலும் சாகாது, கொதிநீரிலும் சாகாது. நம் ஊர் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே சுமார் 93 டிகிரியில்தான். எண்ணெய்க்கு அடியில், புளிப்பில்லாத பூண்டில், அடுப்படிச் சூட்டில் வித்து முளைத்து நஞ்சு சுரந்தால் வாசனையிலோ ருசியிலோ தெரியாமலே போகலாம். இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத் தசை செயலிழக்கும். 1985இல் கனடாவின் வான்கூவரில் வெளியில் வைத்த எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. 'கொடைக்கானல் குளிருக்குக் கிருமி தாங்காது' என்று முன்பு எழுதினீர்கள். நான் அனுப்பிய மறுப்புக்கு இடமில்லை, மலர்க் கண்காட்சிப் படத்துக்கு மட்டும் அரைப்பக்கம் இருந்தது. பொட்டுலினத்தில் சில வகை ஃப்ரிட்ஜ் குளிரிலேயே மெல்ல வளரும், ஐயா.

நான் கேட்பது நாலு வரித் திருத்தம். எண்ணெயில் போட்ட பச்சைப்பூண்டை ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். வெளியில் கிடந்த பாட்டிலை ருசி பார்க்காமல் கொட்டிவிட வேண்டும். ஊறுகாய் என்றால் எலுமிச்சையோ வினிகரோ பூண்டின் உள்வரை ஊறி, புளிப்பைக் காட்டும் பி.ஹெச். அளவு 4.6க்குக் கீழே இருக்க வேண்டும். ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்