ஐந்நூறு எழுத்துக்குள் ஒரு குளம்: வன்னிச் சங்கச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கமக்கார அமைப்புகள், மாதர் சங்கங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்களின் செயலாளர்களுக்கு வணக்கம்.

மாங்குளத்தில் போட்டோக்கொப்பியும் தட்டச்சும் செய்யும் சின்னக் கடை என்னுடையது. ஒரு அலுவலகத்துக்கு முதல் தடவையாக எழுத வேண்டும் என்று வந்து, அவர்களுடைய இணையதளத்தில் மின்னஞ்சல் முகவரியே கிடைக்காமல், "தொடர்பு கொள்ள" என்ற படிவத்தை மட்டும் கண்டு திகைத்து நிற்கும் உங்களில் பலரை எனக்குத் தெரியும். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, தலைப்பு, செய்தி. செய்திப் பெட்டிக்குக் கீழே "0/500" என்று சின்னதாக ஒரு கணக்கு. கோப்பு இணைக்க இடமே கிடையாது. உங்கள் கையிலோ இரண்டு பக்கக் கடிதம், படங்கள், கையொப்பப் பட்டியல்.

போன ஆவணியில் அப்படித்தான் ஒரு கமக்கார அமைப்பின் செயலாளர் ஐயா வந்தார். அவர்களுடைய சிறுகுளத்தின் துருசு கசிகிறது. கதவை மூடினாலும் தண்ணீர் போகிறது, குளக்கட்டின் வெளிப்பக்கத்து மண் கரைகிறது. ஐப்பசி மழை தொடங்கினால் பெரும்போகத்துக்குத் தண்ணீர் தேக்க முடியாது. முழுத்தாளில் அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தார். நான் அதைத் தட்டச்சுச் செய்து, பெட்டியில் ஒட்டி, அனுப்பு என்பதை அழுத்தினேன். "உங்கள் செய்தி கிடைத்தது" என்று வந்தது. அவரும் சந்தோசமாகப் போய்விட்டார்.

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகுதான் நான் என்ன அனுப்பினேன் என்று அதே கடிதத்தை மறுபடி ஒட்டிப் பார்த்தேன். எல்லை போட்ட பெட்டியில் நீளமான எழுத்தை ஒட்டினால், எல்லைக்கு மேலே உள்ளதை உலாவி வெட்டிவிடும். சத்தம் போடாது, சிவப்பாகவும் காட்டாது. அந்த ஐந்நூறுக்குள் அடங்கியது இவ்வளவுதான்: மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு, தாழ்மையுடன் எழுதிக்கொள்வது, குளத்தை எங்கள் பூட்டன் காலத்தில் கட்டினார்கள், இடம்பெயர்ந்து மீண்டும் வந்தோம், அத்தோடு ஒரு பாதி வசனம். துருசு என்ற சொல்லே அதில் இல்லை. படித்தவருக்கு ஒரு குளம் இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். அவர் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருக்காது. தவறு ஐயாவுடையது அல்ல, ஒட்டிய பிறகு கடைசி வரியைப் பார்க்காத என்னுடையது.

இங்கே "எழுத்து" என்று கணினி எதை எண்ணுகிறது என்று சொல்ல வேண்டும். நாம் படித்த எழுத்துக் கணக்கு அல்ல அது. "கிளிநொச்சி" எங்களுக்கு ஐந்து எழுத்து. பெட்டிக்குக் கீழே உள்ள கணக்கு அதைப் பத்து என்று எண்ணும், ஏனென்றால் விசிறி, கொம்பு, புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி. "முல்லைத்தீவு" ஆறு எழுத்து, அதற்குப் பன்னிரண்டு. ஆக ஐந்நூறு என்றால் தமிழில் ஏறத்தாழ ஐம்பதிலிருந்து அறுபது சொல். "நாற்பத்திரண்டு" என்று எழுதினால் பதினான்கு போகும், "42" என்றால் இரண்டு. இதைத் தெரிந்துகொண்டால் எதை இலக்கத்தில் எழுதுவது என்று உங்களுக்கே விளங்கும்.

இரண்டாம் தடவை ஐயாவை அருகில் இருத்தி, அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "இதைப் படிக்கிற ஆள் நாளைக்கு என்ன செய்தால் உங்களுக்குப் போதும்?" அவர் யோசித்துவிட்டு, "யாராவது வந்து பார்க்கட்டும் பிள்ளை, மிச்சத்தை நேரில் சொல்லலாம்" என்றார். அதுதான் முதல் வசனம் ஆனது. தலைப்புப் பெட்டிக்குத் தனி எல்லை இருப்பதால், "வேண்டுகோள்", "மிக அவசரம்" என்று அதை வீணாக்காமல் "துருசு கசிவு" என்றும் குளத்தின் பெயரும் போட்டோம். பெயர்களை எடுத்துவிட்டுச் செய்தியைக் கீழே தருகிறேன்:

"கசியும் துருசை மழைக்கு முன் பார்வையிட ஒரு நாள் தாருங்கள். … குளம், … கிராம அலுவலர் பிரிவு, … பிரதேச செயலகப் பிரிவு. கதவு மூடிய பின்னும் தண்ணீர் போகிறது; கட்டின் வெளிப்பக்கம் மண் கரைகிறது. இதன் கீழ் 64 ஏக்கர், 42 குடும்பம். 5 படங்கள், கையொப்பப் பட்டியல், கூட்டக் குறிப்பு தயார். எந்த மின்னஞ்சலுக்கு அனுப்பலாம்? மேலே உள்ள எண்ணில் மாலை 4 மணிக்குப் பின் பேசலாம். செயலாளர், … கமக்கார அமைப்பு."

ஐயாவுக்கு இதில் பெரிய மனக்குறை. வணக்கம் இல்லை, தாழ்மை இல்லை, பூட்டன் இல்லை. ஒரு "வணக்கம்" சேர்த்துக்கொடுத்தேன், அதற்கு இடம் இருந்தது. பூட்டனுக்கு இல்லை. 64 ஏக்கரை மட்டும் விடவே கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சிறு குளங்கள், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் குளங்கள், கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. பெரியவை நீர்ப்பாசனத்தோடு. ஏக்கரைச் சொல்லாத செய்தி "இது எங்களுடையதா, அவர்களுடையதா" என்ற கேள்வியிலேயே ஒரு மேசையில் கிடந்துவிடலாம்.

படங்களைப் பற்றி. இணைக்க முடியாதே என்று, போனில் இருந்து கூகுள் டிரைவில் ஏற்றி அந்த இணைப்பைச் செய்திக்குள் போடலாமா என்று தம்பிமார் பலர் கேட்கிறார்கள். முதல் செய்தியில் வேண்டாம் என்பதே என் கருத்து. முன்பின் தெரியாத ஒருவர் படிவம் வழியாக அனுப்பும் இணைப்பு குப்பை மடல் போலத்தான் தெரியும். வடிகட்டி அதை ஒதுக்காவிட்டாலும், அதை அழுத்த அலுவலர் தயங்குவார். அழுத்தினாலும், பாதி நேரம் அனுமதி திறந்துவிடப்பட்டிருக்காது. அதைவிட, என்னென்ன கையில் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லி, எங்கே அனுப்பலாம் என்று கேட்பது நல்லது. பதில் எழுத அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கிறது. "மின்னஞ்சல் இதுதான்" என்று ஒரு வரி எழுதுவது "உங்கள் பிரச்சினை கவனத்தில் எடுக்கப்படும்" என்று எழுதுவதைவிட அவருக்கும் இலேசு.

சில படிவங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பெட்டி 430 என்று காட்டும், அனுப்பினால் "500ஐ மீறிவிட்டது" என்று திருப்பித் தள்ளும். உங்கள் கண்ணில் பிழை இல்லை. உலாவி ஒரு விதமாகவும், செய்தியை வாங்கும் அந்தப் பக்கத்துக் கணினி, அதாவது வழங்கி, இன்னொரு விதமாகவும் எண்ணுகின்றன. வழங்கி, கணினி சேமிக்கும் அளவான பைட் கணக்கில் எண்ணினால், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். பத்தாக இருந்த கிளிநொச்சி அங்கே முப்பது. அப்போது ஐந்நூறு என்பது தமிழுக்கு 166 குறிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். இதைச் சோதிப்பது சுலபம். அதே நீளத்துக்கு ஆங்கில எழுத்து போட்டுப் பாருங்கள், "500ஐ மீறிவிட்டது" என்று வராவிட்டால் காரணம் இதுதான். (அந்தச் சோதனையைத் தவறிக்கூட அனுப்பிவிடாமல் இருக்க, மின்னஞ்சல் பெட்டியை வெறுமையாக விட்டுச் சோதிப்பது என் வழக்கம். ஆனால் சில படிவங்கள் அதற்கு மட்டும் சிவப்புக் காட்டிவிட்டு நிற்கும். அப்போது மின்னஞ்சலையும் நிரப்பி, சோதனை என்று செய்தியில் எழுதிவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.) பைட்டில் எண்ணும் படிவத்துக்காக ஒரு குட்டிப் பிரதியையும் எழுதி வைத்திருங்கள்: "துருசு கசிகிறது. மழைக்கு முன் பார்வையிட வேண்டும். 5 படங்கள் உண்டு. எந்த மின்னஞ்சலுக்கு அனுப்ப?" அத்தோடு குளத்தின் பெயரும் பிரிவும். ஏக்கர்கூட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பந்தி பிரித்து எழுதுபவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். புது வரியை உலாவி ஒன்றாக எண்ணும், அனுப்பும்போது அது இரண்டு குறியாகப் போகும். சரியாக 500இல் நிறுத்தினால் நாலைந்து வரி முறிவிலேயே எல்லை தாண்டலாம். இருபதையாவது மிச்சம் விடுங்கள்.

வேறொன்று, இது எங்களூரில் அடிக்கடி காண்பது. சங்கத்துக் கணினியில் பாமினியில் அடித்த கடிதத்தைப் பென்டிரைவில் கொண்டுவந்து, அதை அப்படியே ஒட்டச் சொல்கிறீர்கள். பாமினி எழுத்துரு இருக்கும் இடத்தில்தான் அது தமிழ். படிவத்துக்குள் போனால் "தமிழ்" என்பது `jkpo;` என்று நிற்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோட் ஆக்கிய பிறகே ஒட்டலாம். ஒட்டியபின் கொம்பும் புள்ளியும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு முறை வாசியுங்கள்.

சில தளங்கள் நீங்கள் எழுதியதை உங்களுக்கே ஒரு பிரதியாக அனுப்பும். அதில் தமிழுக்குப் பதில் `?????` வந்தால், அவர்களுக்குப் போனதும் பெரும்பாலும் அதுதான். அதைக் கண்டும் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, இன்ன நாளில் அனுப்பியது கேள்விக்குறியாக வந்ததா என்று கேளுங்கள்.

மின்னஞ்சல் பெட்டியில் எங்கள் கடை முகவரியைப் போடச் சொல்கிறீர்கள், போடுகிறேன். ஆனால் பதில் வந்தால் அது என் பெட்டியில்தான் விழும், நான் ஊரில் இல்லாத வாரம் என்றால் அது அங்கேயே கிடக்கும். சங்கத்துக்கென்று ஒரு முகவரி திறந்து, கடவுச்சொல்லைச் செயலாளரும் பொருளாளரும் வைத்திருங்கள். முகவரியை அடித்த பிறகு எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். `gmail.con` என்று அடித்தாலும் படிவம் மறுக்காது, பதில் மட்டும் எங்கேயோ போகும். அனுப்பியது உங்கள் அனுப்பிய பெட்டியில் இருக்காது என்பதால், அழுத்துவதற்கு முன் திரையை ஒரு படம் எடுத்து, நாளும் நேரமும் கூட்டப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால் அந்தத் தேதியைச் சொல்லித்தான் இரண்டாம் தடவை எழுத வேண்டும்.

ஐயாவின் இரண்டாவது செய்திக்கு ஒன்பதாம் நாள் ஒரு வரிப் பதில் வந்தது: இந்த முகவரிக்குப் படங்களை அனுப்பவும். ஐந்து படங்களையும் பட்டியலையும் இணைத்தோம். "இப்ப எல்லை இல்லைத்தானே பிள்ளை?" என்று கேட்டார். இல்லை என்றேன். பையில் இருந்து அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து நீட்டினார். ஸ்கேன் பண்ணி, ஏழாவது இணைப்பாகப் பூட்டனையும் அனுப்பினோம்.

இப்படிக்கு,
மாங்குளத்துப் போட்டோக்கொப்பிக் கடைக்காரி