காதை நம்பாத ஆட்டங்கள்: கணினி விளையாட்டு வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

கணினி விளையாட்டுகளை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

எனக்கு வலக்காது பிறவியிலேயே கேட்காது. இடக்காதில் செவித்துணைக் கருவியை மாட்டினால் ஓரளவு கேட்கும். ஆகவே ஆட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது என்பது எனக்குப் பல வேளைகளில் தெரிந்துவிடும்; அது எந்தப் பக்கத்திலிருந்து எழுந்தது என்பது மட்டும் தெரியவே தெரியாது. ஒலி இரு காதுகளையும் வந்தடையும் நேரத்திலும் வலுவிலும் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டுதான் மூளை திசையைக் கணிக்கிறது, ஒற்றைக் காதுக்கு அந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை. இதைச் சொல்லி ஒரு விளையாட்டின் உதவிப் பிரிவுக்கு எழுதியபோது, ஒலியளவைக் கூட்டி வைத்துப் பாருங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் சத்தம் என்பது ஆட்டக்காரருக்கு என்னென்ன சேதிகளைக் கொண்டுவருகிறது என்பதை வடிவமைப்போரே பிரித்துப் பார்ப்பதில்லை என்பது அதில் எனக்குப் புரிந்தது.

பிரித்துப் பார்க்க மைன்கிராஃப்டில் வரும் க்ரீப்பர் என்ற பூதத்தை எடுத்துக்கொள்வோம். அது உறுமிக்கொண்டு வருவதில்லை. நம்மை நெருங்கியதும் சீறத் தொடங்குகிறது, சீறத் தொடங்கி ஒன்றரை நொடியில் வெடிக்கிறது. நம் கண்முன் நின்றால் அது வெள்ளையாக மின்னி உப்புவதைப் பார்த்து விலகி ஓடலாம். முதுகுக்குப் பின்னால் நின்றால் அந்தச் சீறல் ஒன்றுதான் எச்சரிக்கை. 2016-இல் வெளிவந்த 1.9 பதிப்பில் ஜாவா பதிப்புக்காரர்களுக்கு ஒலிகளை எழுத்தில் காட்டும் வசதி வந்தது. அதை இயக்கிவிட்டால் திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் `Creeper hisses` என்று தோன்றும், ஒலி பக்கவாட்டில் எழுந்திருந்தால் `<` அல்லது `>` என்ற குறியும் கூடவே வரும். அந்த ஒரு வரி வந்த பிறகுதான் நான் ஆட்டத்தில் இரவு வேளையில் வீட்டைவிட்டு வெளியே வரத் துணிந்தேன் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனாலும் அந்த வரியால் நான் பிழைத்ததைவிட வெடித்துச் செத்ததே அதிகம். எழுத்து ஓரத்தில் இருக்கிறது, கண்ணோ நடுவில் இருக்கிறது. ஓரத்தில் ஏதோ மாறியதை உணர்ந்து, அங்கே பார்வையைத் திருப்பி, படித்து, திரும்பி ஓடுவதற்குள் ஒன்றரை நொடி தீர்ந்துவிடுகிறது. எழுத்து மூன்று நொடி நிற்பதால், நான் செத்துக் கிடக்கும்போதும் க்ரீப்பர் சீறுகிறது என்று திரை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அதே பட்டியலில் என் காலடிக்கு ஒரு வரி, நான் உடைத்த கல்லுக்கு ஒரு வரி என்று என் சத்தங்களும் சேர்ந்து வருவதால், உயிருக்கு ஆபத்தான வரி கூட்டத்தில் ஒன்றாகிவிடுகிறது. குறியோ இடம், வலம் என்ற இரண்டோடு நின்றுவிடுகிறது. நேர் பின்னால் இருப்பதற்கும் பக்கத்தில் இருப்பதற்கும் வேறுபாடு காட்டுவதில்லை. காலுக்கடியில் உள்ள குகையில் உறுமும் ஜோம்பியையும் என் அருகில் நிற்பதைப் போலவே காட்டுகிறது.

ஃபோர்ட்நைட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு வேறு வழியில் போனது. ஒலிகளைக் காட்டும் அமைப்பை இயக்கினால் குறிப்புள்ளியைச் சுற்றி ஒரு வளையத்தில் காலடி, துப்பாக்கிச்சூடு, புதையல்பெட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சின்னங்கள் அவை இருக்கும் திசையிலேயே தோன்றுகின்றன. கண் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே சேதி வருவதால் படிக்க நேரம் செலவாவதில்லை. நன்றாகக் கேட்கும் ஆட்டக்காரர்கள் பலரும் அதை இயக்கி வைத்திருக்கிறார்கள் என்பதே அது எவ்வளவு பயன்படுகிறது என்பதற்குச் சான்று.

இதைவிட அழகான தீர்வு மைன்கிராஃப்டுக்குள்ளேயே இருப்பதை ஒரு வேடிக்கையாகச் சொல்லலாம். 2022-இல் வந்த ஆழ்நிலக் குகைகளில் வார்டன் என்றொரு கண்ணில்லாத பூதம் அதிர்வைக் கொண்டு ஆளைத் தேடித் திரிகிறது. அங்குள்ள ஸ்கல்க் உணரிகள் அருகில் எழும் அதிர்வுகளைப் பிடிக்கின்றன. அதிர்வு எழுந்த இடத்திலிருந்து உணரியை நோக்கி ஒரு நீலத் துகள் காற்றில் பறந்து செல்வதை நாமே பார்க்கலாம். எங்கே எழுந்தது, எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் ஒரு சொல்கூட இல்லாமல் தெரிந்துவிடுகிறது. கண்ணில்லாத பூதத்துக்காகச் சத்தத்தை இவ்வளவு தெளிவாக வரைந்தவர்கள், காது கேளாத ஆட்டக்காரருக்காக க்ரீப்பரின் சீறலையும் அப்படி வரைந்திருக்கலாம்.

நிரல் எழுதுவோருக்கு ஒரு விண்ணப்பம். காட்சிக் குறிப்பை ஒலிக் கோப்பின் வாலில் கட்டாதீர்கள். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சத்தங்களுக்கு ஒலிப் பொறியில் ஒரு வரம்பு உண்டு. சண்டை சூடு பிடிக்கும்போது அது சிலவற்றைக் கைவிடும். குறிப்பு ஒலியைச் சார்ந்திருந்தால், மிகவும் தேவைப்படும் அந்த வேளையில் குறிப்பும் காணாமல் போகும். சீறத் தொடங்கியது என்ற நிகழ்விலிருந்து ஒலி ஒரு கிளையாகவும் காட்சி இன்னொரு கிளையாகவும் பிரியட்டும். ஒலியளவைச் சுழியத்தில் வைத்து, குறிப்புகள் அனைத்தும் வருகின்றனவா என்று பார்த்தாலே இது சரியாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இனிப் பேச்சுக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு உள்ளூர்ப் போட்டியில் எங்கள் அணி பதிவு செய்தபோது, அணியினர் அனைவரும் குரல் அரட்டையில் இருந்தே ஆக வேண்டும் என்று விதி இருந்ததால் நான் விலகிக்கொண்டேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினால் செவித்துணைக் கருவி எனக்கு இரைச்சலைத்தான் தரும். 2019 பிப்ரவரியில் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற அணி விளையாட்டு இதற்கு விடை வைத்திருந்தது. ஒரு பொத்தானை ஒருமுறை தட்டினால் "இங்கே போவோம்", இருமுறை தட்டினால் "இங்கே எதிரி". தரையில் கிடக்கும் பொருளைக் குறிவைத்துத் தட்டினால் அதன் பெயர் தோழர்களின் திரையில் எழுத்தாக வரும், அவர்களில் ஒருவர் அது தனக்கு வேண்டும் என்று அதே பொத்தானால் பதில் சொல்லிவிடலாம். முன்பின் தெரியாத இருவரோடு ஒரு சொல்லும் பேசாமல் நான் வென்ற ஆட்டங்கள் அதில் உண்டு. "அவர்கள் இருவரும் அடித்துக்கொள்ளட்டும், முடிந்ததும் போவோம்" என்பதுபோன்ற திட்டத்தைத் தட்டிச் சொல்ல முடியாது என்பது உண்மை. அதற்கு ஆட்டம் தொடங்குமுன் தேர்ந்து வைத்துக்கொள்ளும் பத்து ஆயத்த வாக்கியங்கள் போதும். பேச்சை எழுத்தாக்கும் வசதியை மட்டும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். சண்டை நடுவே அது பிந்தி வரும், நாங்கள் பேசும் தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சில் அது தடுமாறும்.

அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலிருந்து விளையாட்டுகளுக்குத் தரப்பட்ட விலக்கு 2018 இறுதியில் முடிந்ததால், ஆட்டத்துக்குள் இருக்கும் அரட்டை வசதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி இருக்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வை உரையாடலோடு நின்றுவிடுகிறது. காலடியும் சீறலும் அதற்குள் வரவில்லை. அவற்றை நீங்களாகத்தான் செய்ய வேண்டும்.

உங்கள் அடுத்த சோதனைப் பதிப்பை ஒலியில்லாமல் ஆடிப் பாருங்கள் என்று கேட்கிறேன். ஆனால் ஆட்டத்தை உருவாக்கியவரே ஆட வேண்டாம். எந்த மூலையில் எது பதுங்கியிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம், நினைவே அவருக்குக் காதாகிவிடும். அதுவரை அந்த ஆட்டத்தைத் தொடாத ஒருவரை உட்கார வைத்து, அவர் சாகும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, எதனால் செத்தீர்கள் என்று கேளுங்கள். "தெரியவில்லை" என்று அவர் சொல்லும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
இடக்காதில் பாதி கேட்கும் ஓர் ஆட்டக்காரன்