நீ எடுத்த சந்தைப் படம்

கண்ணு,

தீபாவளிக்கு வந்தபோது சூரமங்கலம் உழவர் சந்தையில் நீ எடுத்த படம் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கட்டின் மேலும் பெயர் எழுதி, சரியா என்று கேட்டிருந்தாய். அப்பாவும் நானும் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். மொத்தம் எட்டு. முருங்கை, அகத்தி, வெந்தயக்கீரை மூன்றும் சரி. அவற்றைச் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும், அதற்கு மார்க் கிடையாது. நான்கு தப்பு. ஒன்றுக்கு நீயே கேள்விக்குறி போட்டிருக்கிறாய், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ தப்பு செய்ததெல்லாம் நிறத்தை நம்பியதால்தான். அந்த அம்மா நீலத் தார்ப்பாய்க்குக் கீழே கடை விரித்திருந்தார். அந்த வெளிச்சத்தில் பச்சை கறுத்துத் தெரியும், இளஞ்சிவப்பு ஊதாவாகிவிடும். நேரில் பார்க்கும்போது கண் அதைச் சரிசெய்துகொள்ளும், படத்தில் அப்படியே நின்றுவிடும். அதனால் படத்தில் நிறத்தை விட்டுவிட்டு, தண்டில் இலை எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்.

சிவப்பாக இருந்த கட்டை எடுத்துக்கொள். 'சிவப்புத் தண்டுக்கீரை' என்று எழுதியிருக்கிறாய். வலது ஓரத்தில் ஒரு கிளை கட்டிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கிறது பார், அதைப் பெரிதாக்கு. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலை, எதிரும் புதிருமாக, கைகூப்பப் போவதுபோல இருக்கிறது. காம்பு இருப்பதே தெரியவில்லை. தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். அவற்றில் ஒரு கணுவுக்கு ஒரே இலைதான், அடுத்த இலை வேறு பக்கம் போகும், காம்பும் நீளமாகத் தெரியும். இலை ஜோடியாக இருந்தால் அது தண்டுக்கீரை இல்லை. இது சிவப்புப் பொன்னாங்கண்ணி. சீமைப் பொன்னாங்கண்ணி என்றும் சொல்வார்கள். நம் நாட்டுப் பொன்னாங்கண்ணி பச்சையாக இருக்கும், இலை இன்னும் குறுகல். அதிலும் இலை ஜோடிதான், கணுவை ஒட்டி வெள்ளையாகக் குட்டிக் குட்டி உருண்டைப் பூ உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, 'சிறுகீரை' என்று நீ எழுதியது. இங்கேதான் பெரியவர்களும் தடுமாறுவார்கள், ஏனென்றால் இலையை மட்டும் வைத்து இந்தக் குடும்பத்தைப் பிரிப்பது கஷ்டம். நான் இலைக்கு முன்னால் கட்டின் அடியைப் பார்ப்பேன். சிறுகீரையையும் முளைக்கீரையையும் விதைத்து மூன்று வாரம் போல ஆனதும் வேரோடு பிடுங்கிவிடுவார்கள். கட்டின் அடியில் மண் ஒட்டிய வேர் இருக்கும், ஒவ்வொரு செடியும் தனித்தனியாக, நேராக இருக்கும். அரைக்கீரையைப் பிடுங்க மாட்டார்கள். அடியில் கொஞ்சம் விட்டு அறுப்பார்கள், அது மறுபடி தழையும், மறுபடி அறுப்பார்கள். அதனால் அடி கத்தி பட்டு வெட்டுப்பட்டிருக்கும், வேர் இருக்காது. ஒரு தடவை அறுத்த செடி பக்கக் கிளை விடும் இல்லையா, அதனால் காம்பும் தண்டும் சேரும் ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு குட்டித் தளிர் கிளம்பியிருக்கும். உன் படத்தில் அடி வெட்டுத்தான், இடுக்கிலும் தளிர் தெரிகிறது. அரைக்கீரை. அடியைப் பார்க்கும் இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. சிலர் வேரை நறுக்கிவிட்டுத்தான் கட்டுவார்கள். உன் ஊர் சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் அடியே இருக்காது. அப்போது இடுக்குத் தளிர் ஒன்றுதான் துணை. சிறுகீரையா முளைக்கீரையா என்று படத்தை மட்டும் காட்டிக் கேட்டால் நானே அடித்துச் சொல்ல மாட்டேன். முளைக்கீரை இலை கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

மூன்றாவது தப்புதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. 'முளைக்கீரை' என்று நீ எழுதிய கட்டு மணத்தக்காளி. உன் ஆத்தா சுக்குட்டிக் கீரை என்பாரே, அதேதான். வாய்ப்புண் வந்தபோதெல்லாம் தின்றாய், முகம் மறந்துவிட்டதா? இதிலும் கணுவுக்கு ஒரு இலைதான் என்று பெரும்பாலும் தோன்றும், அதனால் குழம்பியிருப்பாய். விளிம்பைப் பார். முளைக்கீரைக்கு விளிம்பு ஒழுங்காக ஓடும். இதற்கு அலைபோல மேலும் கீழும் நெளியும், சில இலையில் மழுங்கிய பல் மாதிரி இருக்கும். இலையின் அடிப்பாகம் அப்படியே குறுகி இறங்கிக் காம்போடு கலந்துவிடும். காய்க்கொத்து இலை இடுக்கிலிருந்து வராது, இரண்டு கணுவுக்கு நடுவே தண்டிலிருந்தே கிளம்பித் தொங்கும். உன் படத்தில் மேல் வரிசையில் மூன்று பச்சைக் காய் அப்படித் தொங்குகிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. சந்தைக் கட்டுக்கு இந்த அடையாளங்கள் போதும். வேலியோரம் தானாக முளைத்ததைப் படம் பார்த்துப் பறித்துவிடாதே. ஊமத்தையின் இளஞ்செடி, பூப் பூப்பதற்கு முன்னால், தெரியாதவர் கண்ணுக்கு மணத்தக்காளி போலவே இருக்கும். அது விஷம். ஊமத்தை இலையின் அடி இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே காம்பில் சேரும். கசக்கினால் குமட்டும் நாற்றம். நாற்றம் படத்தில் வராதே.

நான்காவது தப்பு கீரையே இல்லை. 'டர்னிப்' என்று எழுதியது நூக்கல். உருண்டையின் மேல் எங்கிருந்து காம்பு கிளம்புகிறது என்று பார். நூக்கல் தண்டுதான் பருத்திருக்கிறது, அதனால் காம்புகள் உருண்டையின் உடம்பெங்கும் இருந்து வரும், ஒடித்த இடத்தில் தழும்பு இருக்கும். டர்னிப் வேர். இலையெல்லாம் உச்சியில் ஒரே இடத்திலிருந்து வரும், கீழே வால் இருக்கும். பக்கத்தில் ஏற்காட்டுச் சௌசௌ குவிந்திருக்கிறதே, அதை விட்டுவிட்டாய். தெரியும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இனிமேல் படம் எடுத்தால் முழுக் கடையை எடுக்காதே. ஒரு கிளையை உருவி, செய்தித்தாள் மேல் கிடத்தி, பக்கத்தில் விரலை வைத்து எடு. கணு தெரிய ஒன்று, அடி தெரிய ஒன்று. நிழலில் எடு, தார்ப்பாய்க்கு வெளியே.

சரி, கேள்விக்குறி. இலை அரைக்கீரை சாயல், ஆனால் நுனி கூர்மை. நம் கீரைகளில் பலவற்றுக்கு நுனி லேசாக உள்வாங்கியிருக்கும், இதில் அது இல்லை. இடுக்கிலிருந்து நூல் மாதிரி நீளமான காம்பு, அதில் வெளிர் ரோஸ் நிறத்தில் பூக்கதிர். அப்பா பண்ணைக்கீரை என்றார். பண்ணைக்கீரைக் கதிர் நுனியில் திரண்டு நிற்கும், இப்படி இடுக்கிலிருந்து மெலிதாக வராது. எனக்குச் சந்தேகம் வேறு மாதிரி இருந்தது, நேற்றுக் காலை அதே கடைக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். "தொய்யக்கீரைங்கம்மா, மழைக்குக் காட்டுல தானா வந்தது, விதைக்கிறதில்ல" என்றார். கடைசிக் கட்டு ஒன்று இருந்தது. வாங்கிவந்து சின்ன வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் போட்டுக் கடைந்தேன். பண்ணைக்கீரை என்று சொன்ன உன் அப்பா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா