ஜப்பானில் கடைக் கல்லாவில் ஆன்லைன் பணம் கட்டுவது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பானுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான தங்கள் கட்டுரையில், கிரெடிட் கார்டு கிடைக்கும்வரை ஆன்லைனில் வாங்கிவிட்டுப் கொன்பினி எனப்படும் பக்கத்துச் சிறு பலசரக்குக் கடையில் ரொக்கமாகக் கட்டலாம் என்று ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டீர்கள். புதியவர்கள் திணறுவது அந்த ஒரு வரியில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

12,800 யென்னுக்கு ஒரு ரைஸ் குக்கர் ஆர்டர் செய்வதாக வைத்துக்கொள்வோம். கட்டணப் பக்கத்தில் கொன்பினியைத் தேர்ந்தெடுத்ததும், பல தளங்கள் எந்தக் கடையில் கட்டப்போகிறீர்கள் என்று கேட்கும். இதை யோசிக்காமல் அழுத்திவிடாதீர்கள். கடைக்குக் கடை எண்ணும் வேறு, முறையும் வேறு. செவன்-இலெவனைத் தேர்ந்தால் பார்கோடும் அதற்குரிய 13 இலக்க எண்ணும் வரும். நேரே கல்லாவுக்குப் போய்விடலாம். லாசன் என்றால், பல தளங்களில் பார்கோடுக்குப் பதிலாக எண்கள் மட்டுமே கிடைக்கும். அவற்றைக் கடைக்குள் இருக்கும் லோப்பி இயந்திரத்தில் தட்டினால் ஒரு சீட்டு வரும், அதில்தான் பார்கோடு இருக்கும். அந்தச் சீட்டுக்கு ஆயுள் 30 நிமிடம். அதற்குள் கல்லாவில் கொடுக்காவிட்டால் மறுபடி அச்சிட வேண்டும். ஒரு கடைக்கென்று வாங்கிய எண்ணை இன்னொரு கடையில் நீட்டினால் பெரும்பாலும் ஏற்காது.

கல்லாவில் 'இன்டானெட்டோ ஷிஹாராய்', அதாவது இணையக் கட்டணம் என்று சொன்னால் போதும். ஆள் நிற்கும் கல்லாவுக்கே போங்கள். தானே ஸ்கேன் செய்துகொள்ளும் கல்லாக்களில் பொதுவாக இது நடக்காது. பார்கோடு படிக்கவில்லை என்றால் முதலில் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டைச் சிறிதாக்கியிருந்தாலும் கோடுகள் ஒட்டிக்கொண்டு படிக்காது. செவன்-இலெவனில் அந்த 13 இலக்கத்தைச் சொன்னால் ஊழியரே தட்டிக்கொள்வார்.

ஸ்கேன் ஆனதும் உங்கள் பக்கத் திரையில் தொகையும் பணம் யாருக்குப் போகிறது என்பதும் தெரியும். ஓகே அழுத்தும் முன் இரண்டையும் படித்துவிடுங்கள். பார்கோடில் பொருளின் விவரம் எதுவும் இல்லை. ஒரு எண் மட்டுமே இருக்கிறது, அந்த எண்ணோடு ஒரு தொகை பூட்டப்பட்டிருக்கிறது. எண் வந்த பிறகு ஆர்டரில் ஒரு பொருளைக் கூட்டினாலோ கூப்பன் சேர்த்தாலோ தளம் புது எண் தரும். அதற்குப் பிறகு பழைய மின்னஞ்சலைத் திறந்து அதிலுள்ள பார்கோடைக் காட்டினால் கல்லா ஏற்காது, அல்லது தொகை பொருந்தாமல் குழப்பம் வரும். எண்ணில் பொருளின் விவரம் இல்லாதது மோசடிக்காரர்களுக்கும் வசதி. 'பாக்கி இருக்கிறது, இந்த எண்ணில் கொன்பினியில் கட்டுங்கள்' என்று குறுஞ்செய்தி அனுப்பித் தங்களுக்கு வேண்டியதற்கு நம்மைப் பணம் கட்ட வைக்கிறார்கள். நீங்களாக ஆர்டர் செய்து பெறாத எந்த எண்ணையும் கல்லாவுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பொதுவாக ஒரு முறைக்கு 3 லட்சம் யென் வரை கட்டலாம், கிரெடிட் கார்டு எடுபடாது. பணம் கட்டும் கெடு தாண்டினால் ஆர்டர் தானாக ரத்தாகும். கெடு நாளின் நள்ளிரவு வரை தள்ளிப்போட வேண்டாம், இரவில் சில தளங்களின் அமைப்பு பராமரிப்புக்காக நின்றுவிடுவதுண்டு.

கட்டிய உடனே ஆர்டர் பக்கம் மாறாவிட்டால் பதற வேண்டாம். கடையிலிருந்து முதலில் உடனடித் தகவல் ஒன்று விற்பனையாளருக்குப் போகிறது, உறுதித் தகவல் சில நாள் கழித்தே போகிறது. முத்திரை குத்திய ரசீதைப் பொருள் கைக்கு வரும்வரை வைத்திருங்கள். நீங்கள் கட்டியதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று அதுதான்.

நம்மவர்களுக்கு உண்மையான சிக்கல் பணம் திரும்பி வருவதில்தான். கட்டிய பணத்தைக் கொன்பினி திருப்பித் தராது. விற்பனையாளர்தான் தர வேண்டும், அதையும் பெரும்பாலும் வங்கிக் கணக்குக்கே அனுப்புவார். ஜப்பானிய வங்கிப் பரிமாற்றத்தில் கணக்குப் பெயர் கதகனா என்ற ஜப்பானிய எழுத்தில் பொருந்த வேண்டும். தந்தை பெயர் முன்னா பின்னா, முதலெழுத்தா முழுப்பெயரா என்பதில் நம் பெயர்கள் ஆவணத்துக்கு ஆவணம் மாறும். நீங்கள் உச்சரிக்கும் விதத்தில் எழுதிக் கொடுத்தால் பணம் விற்பனையாளருக்கே திரும்பிப் போய்விடும். வங்கிப் புத்தகத்திலோ வங்கிச் செயலியிலோ கதகனாவில் எப்படி இருக்கிறதோ, இடைவெளி உட்பட அப்படியே எழுதிக் கொடுங்கள். கணக்கே இன்னும் திறக்காதவர்கள், திருப்பி அனுப்ப வாய்ப்புள்ள துணிமணி, காலணி போன்றவற்றை இந்த முறையில் வாங்காமல் இருப்பதே நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நிஷி-கசாய், டோக்கியோ.